"ஹால்ல காத்து நல்லா வருது" என்று அம்மா சொன்னால்

பாளையங்கோட்டைப் பையன்:
அம்மா ஊரில் தனியாக, நான் பெங்களூரில். தினமும் வாட்ஸ்அப்பில் "நல்லா இருக்கேன்பா, சாப்ட்டாச்சு" வந்துவிடும். முன்பெல்லாம் என்ன குழம்பு, தெருவில் என்ன சண்டை எல்லாம் இருக்கும். அது குறைந்து, டைப் பண்ணுவதும் போய் வாய்ஸ் மெசேஜ் ஆனது. ஒன்றில் "ஹால்ல சாய்வு நாற்காலியிலேயே தூங்கிடுறேன், காத்து நல்லா வருது" என்றார். இன்னொன்றில் செருப்பு இறுக்குகிறதாம், புதுசு வாங்கணுமாம்.

மார்கழிக் குளிரில் காத்து எதற்கு? திரும்பப் போட்டுக் கேட்டேன். நாலு வார்த்தைக்கு ஒருமுறை நிறுத்தி மூச்சு வாங்குகிறார். எதிர்வீட்டு அக்காவைப் போய்ப் பார்க்கச் சொன்னேன். கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றதாம். இதயம் சரியாகப் பம்ப் செய்யாமல் நீர் கோத்திருக்கிறது என்றார் டாக்டர். கோயிலுக்குப் போனால் பாத்ரூம் தேட வேண்டியிருக்கிறதென்று நீர் மாத்திரையை அம்மாவே நிறுத்தியிருக்கிறார்.

ஓசூர்க்காரன்:
என் அப்பாவுக்கு லாஸ்ட் சீன் ராத்திரி 2 மணி, 4 மணி என்று காட்டும். கேட்டால் "நல்லாத் தூங்கினேன்" என்பார். அது தனிமைதான், சந்தேகமே இல்லை. லீவுக்குப் பேரனை அனுப்பினேன், முகம் தெளிந்துவிட்டது.

சின்ன மருமகள்:
எங்கள் மாமியார் விடியற்காலையிலேயே ரோஜாப்பூ போட்டுக் காலை வணக்கம் அனுப்புகிறார். இதை எப்படி நிறுத்துவது?

வார்டு சிஸ்டர்:
அதை நிறுத்தாதீர்கள் அம்மா. வராத அன்றைக்கு உடனே போன் போடுங்கள்.

ஓசூர்க்காரரே, தனிமையும் இருக்கலாம். ஆனால் அந்த வயதில் ராத்திரி எழுந்தால், எத்தனை தடவை ஒன்றுக்குப் போகிறார் என்று முதலில் கேளுங்கள். ப்ராஸ்டேட், சர்க்கரை, இல்லாவிட்டால் பகலில் காலில் தேங்கிய நீர் படுத்ததும் சிறுநீராக இறங்குவது, எதுவாகவும் இருக்கலாம்.

படுத்தால் மூச்சு முட்டுகிறவர்கள் ஒரு தலையணையை இரண்டாக்குவார்கள், அப்புறம் நாற்காலிக்கு வந்துவிடுவார்கள். மறைக்க நினைப்பதில்லை, உண்மையிலேயே காத்து வரவில்லை என்றுதான் நம்புவார்கள். அதனால் "நல்லா இருக்கியா" என்று கேட்டுப் பயனில்லை. எத்தனை தலையணை வைத்துத் தூங்கினீர்கள் என்று கேளுங்கள். நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் காலையில் சாப்பிடும் முன் எடை பார்க்கட்டும். நாலைந்து நாளில் 2 கிலோ கூடினால் அது சதை இல்லை, நீர். டாக்டரிடம் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும்.

ஓசூர்க்காரன்:
கேட்டேன் சிஸ்டர். நாலு தடவையாம். "வயசானா அப்படித்தான்டா" என்கிறார், டாக்டரிடம் வர மறுக்கிறார்.

வார்டு சிஸ்டர்:
சர்க்கரையாவது பார்க்கச் சொல்லுங்கள். லேப்காரர் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுப்பார்.

பாளையங்கோட்டைப் பையன்:
எங்கள் வீட்டில் இப்போது வேறு சிக்கல். நான் விசாரித்தது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. எடை எவ்வளவென்று கேட்டால் எதிர்வீட்டு அக்காவும் "நல்லா இருக்காங்க தம்பி" என்று மட்டும் அனுப்புகிறார்.