எட்டு மாதக் குழந்தையின் முரசு வலிக்கு ஜெல்லா, அம்பர் மாலையா, உறைந்த வளையமா?

வெள்ளவத்தை அம்மா
மகளுக்கு எட்டு மாதம், எடை 7.6 கிலோ. பல் முளைக்கிறது. கீழ் முரசு வீங்கி, உள்ளே வெள்ளைக் கோடு தெரிகிறது. ஐந்து இரவுகளாக வீட்டில் எவருக்கும் தூக்கமில்லை. மூன்று பொருட்கள் கையில் இருக்கின்றன: மைத்துனர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த, முரசை மரத்துப்போகச் செய்யும் ஜெல், பிள்ளையின் கழுத்தில் போடச் சொல்லி ஜெர்மனியிலுள்ள சித்தி அனுப்பிய அம்பர் மணி மாலை, பிரீசரில் வைக்கச் சொல்லி விற்ற, நீர் நிரப்பிய வளையம். இன்றிரவு எதைப் பயன்படுத்தலாம்?

கொட்டாஞ்சேனை மாமி
ஜெல்லைப் பூசுங்கள் மகள். என் மூன்று பிள்ளைகளுக்கும் பூசினேன். இரண்டு நிமிடத்தில் அழுகை நிற்கும். அதற்காகத்தானே அதைச் செய்து விற்கிறார்கள்?

பொரளை மருந்தாளர்
தங்கச்சி, பூசுவதற்கு முன் குழாயின் பின்பக்கத்திலுள்ள சிறிய எழுத்தை வாசித்து எழுதுங்கள். மாமி பூசிய ஜெல்லும் உங்கள் கையில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

வெள்ளவத்தை அம்மா
பென்சோகெய்ன் 7.5 சதவீதம் என்று இருக்கிறது.

பொரளை மருந்தாளர்
அப்படியானால் அதை இன்றே அப்புறப்படுத்துங்கள். இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு பென்சோகெய்ன் வேண்டாம் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2018 மே மாதம் சொன்னது. பல் முளைக்கும் வலிக்காக அதை விற்பதையே நிறுத்தும்படி தயாரிப்பாளர்களைக் கேட்டது. அந்த மருந்து சில குழந்தைகளின் இரத்தத்தை ஒட்சிசனைச் சுமக்க முடியாததாக மாற்றிவிடுகிறது. சுவாசம் நடக்கும், நெஞ்சு ஏறி இறங்கும், ஆனால் உடலுக்குப் போக வேண்டியது போகாது.

லிடோகெய்ன் இருந்தாலும் இதே பதில்தான். அதிகமாக விழுங்கினால் வலிப்பு வரும், இதயத் துடிப்பு குழம்பும். சாலிசிலேட் சேர்ந்த வாய் ஜெல்லும் குழந்தைக்கு ஆகாது. அது ஆஸ்பிரின் குடும்பம். பிரித்தானியாவில் 2009 முதல் பதினாறு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள்.

கொட்டாஞ்சேனை மாமி
தம்பி, மூன்று பிள்ளைகளும் நன்றாக வளர்ந்து வேலைக்குப் போகிறார்கள். எங்கோ ஒருவருக்கு நடந்ததை வைத்து எல்லாரையும் பயப்படுத்துவது சரியா? அழுதுகொண்டிருக்கும் பிள்ளைக்கு என்ன பதில் சொல்வது?

தெஹிவளை அப்பா
மாமி, அந்த எங்கோ ஒருவர் என் மகன். இரண்டு வருடங்களுக்கு முன், அவனுக்கு அப்போது ஒன்பது மாதம். இரவு பதினொரு மணிக்கு ஜெல் பூசினோம். கால் மணி நேரம் அமைதி, பிறகு பழையபடி அழுகை. பன்னிரண்டுக்கு மறுபடி பூசினோம், ஒன்றரைக்கு மறுபடி. ஒவ்வொரு முறையும் முன்னதைவிடச் சற்று அதிகம். இரண்டு மணியளவில் அவன் சோர்ந்து படுத்துவிட்டான். வலி போய்விட்டது என்று நிம்மதியாக இருந்தோம்.

பால் கொடுக்க விளக்கைப் போட்ட மனைவிதான் கவனித்தார். உதடு ஈயத்தின் நிறத்தில் இருந்தது. உள்ளுதட்டைத் திறந்து பார்த்தால் நாவற்பழம் தின்ற வாய் போல இருந்தது. நகங்களும் அப்படியே. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. 1990 அம்புலன்ஸை அழைத்தோம். விரலில் மாட்டிய கருவி இரத்தத்தில் ஒட்சிசன் 85 சதவீதம் என்று காட்டியது. முகமூடி வைத்து ஒட்சிசன் கொடுத்தார்கள். இலக்கம் அசையவே இல்லை. அந்த அசையாத இலக்கத்தைப் பார்த்துத்தான் வைத்தியர், “வாயில் என்ன பூசினீர்கள்?” என்று கேட்டார். ஊசியில் எடுத்த இரத்தம் சொக்லேட் நிறத்தில் இருந்தது. நீல நிற மருந்து ஒன்றை நரம்பில் ஏற்றினார்கள். ஒரு மணி நேரத்துக்குள் உதடு சிவந்தது. அந்த ஒரு மணி நேரத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

பொரளை மருந்தாளர்
அண்ணா எழுதியதில் ஒன்றைக் கவனியுங்கள். பூசிய ஜெல் ஒரே இடத்தில் நிற்பதில்லை. பல் முளைக்கும் குழந்தைக்கு எச்சில் ஆறாக ஓடும். சில நிமிடங்களில் மருந்து கழுவப்பட்டு வயிற்றுக்குள் போய்விடும். வலி திரும்பும், நாம் மறுபடி பூசுவோம். நாக்கும் மரத்துப்போவதால் பாலை இழுத்துக் குடிக்கவும் விழுங்கவும் சிரமப்படும். ஆனால் குறைவாகப் பூசினால் பரவாயில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். முதல் முறை பூசியதிலேயே இது வந்திருக்கிறது. எந்தக் குழந்தைக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. மாமியின் மூன்று பிள்ளைகள் தப்பியது உண்மை. அதிலிருந்து நான்காவது பிள்ளையைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

ஏற்கெனவே பூசியவர்கள் பிள்ளையை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். நம் நிறத்தில் கன்னத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வது கடினம். உள்ளுதடு, நாக்கு, நகக்கண் ஆகியவற்றைப் பாருங்கள். பூசிய சில நிமிடங்களிலும் தெரியலாம், ஓரிரு மணி நேரம் கழித்தும் தெரியலாம்.

பம்பலப்பிட்டி வாசகி
ஜெல் வேண்டாம் என்பதை ஏற்கிறேன். அம்பர் மாலையை ஏன் அதனுடன் சேர்க்கிறீர்கள்? அதில் இயற்கையான சக்சினிக் அமிலம் இருக்கிறது. உடல் சூட்டில் கசிந்து தோல் வழியாகப் போய் வலியைக் குறைக்கிறது. என் மகன் அணிந்த வாரமே தூங்கத் தொடங்கினான்.

பொரளை மருந்தாளர்
பால்டிக் அம்பரில் அந்த அமிலம் இருப்பது உண்மை, அக்கா. ஆனால் அம்பர் என்பது கோடிக்கணக்கான ஆண்டுகளாக மண்ணிலும் கடலிலும் கிடந்து இறுகிய மரப்பிசின். அது இளக நூறு பாகைக்கும் மேற்பட்ட வெப்பம் வேண்டும். குழந்தையின் கழுத்துச் சூடு 37 பாகை. உங்கள் மகன் அந்த வாரம் தூங்கியதையும் நான் மறுக்கவில்லை. ஒரு பல் வெளிவரும் தொல்லை, வெளிவருவதற்கு முன் நான்கு நாள், பின் மூன்று நாள், ஏறத்தாழ எட்டு நாளில் அடங்கும். பெற்றோர் மாலையைத் தேடி வாங்குவது தொல்லை உச்சத்தில் இருக்கும்போது. அடுத்த சில நாட்களில் அது தானாகவே குறைந்திருக்கும்.

பயன் இல்லாவிட்டால் போகட்டும் என்று விட்டிருப்பேன். 2018 டிசம்பரில் அதே அமெரிக்க நிர்வாகம் வெளியிட்ட எச்சரிக்கையில், பகல் தூக்கத்தில் அம்பர் மாலை கழுத்தை நெரித்து இறந்த பதினெட்டு மாதக் குழந்தை ஒன்று இருக்கிறது.

பம்பலப்பிட்டி வாசகி
என்னிடம் இருப்பது இழுத்தால் அறுந்துவிடும் வகை. ஒவ்வொரு மணிக்கும் இடையில் முடிச்சு உண்டு, சிதறாது.

தெஹிவளை அப்பா
அறுந்தால் மணி வாயில். அறாவிட்டால் நூல் கழுத்தில். மூன்றாவது வழி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

கொட்டாஞ்சேனை மாமி
இப்படிப் பார்த்தால் முப்பத்தோராம் நாளில் நாங்கள் போடும் பஞ்சாயுதச் சங்கிலியும் ஆபத்தா? தலைமுறை தலைமுறையாகப் போட்டு வருகிறோம்.

பொரளை மருந்தாளர்
மாமி, சடங்கை நான் குறை சொல்லவில்லை. படம் எடுக்கும்போதும், கோயிலுக்குப் போகும்போதும், நீங்கள் மடியில் வைத்திருக்கும்போதும் போடுங்கள். தொட்டிலில் விடுமுன் கழற்றிவிடுங்கள். கயிறுக்கும் பொன்னுக்கும் தூங்கும் குழந்தையின் கழுத்தில் வேறுபாடு இல்லை.

கொட்டாஞ்சேனை மாமி
பிள்ளைக்குக் காப்பாக இருப்பதை இரவில் கழற்றச் சொல்கிறீர்கள். இதில் நான் உடன்பட மாட்டேன்.

பம்பலப்பிட்டி வாசகி
கழுத்தில் வேண்டாம் என்றால் காலில் கட்டலாமே?

தெஹிவளை அப்பா
எட்டு மாதத்தில் கால் போகும் இடம் வாய்தான், சகோதரி.

மட்டக்குளி செல்வி
வளையத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. கொழும்பு வெக்கையில் பிரிட்ஜில் வைத்தது ஐந்து நிமிடம் கூடத் தாங்காது. பிரீசரில் வைத்துப் பத்து நிமிடம் வெளியே விட்டுக் கொடுத்தால் போதும். அத்துடன் படுக்குமுன் பரசிட்டமோல் ஒரு தேக்கரண்டி. நான் ஒவ்வொரு இரவும் அப்படித்தான் செய்கிறேன்.

பொரளை மருந்தாளர்
குளிர் நல்லது என்பது சரி. உறைந்தது நல்லதல்ல. பிரீசரில் இருப்பது ஏறத்தாழ மைனஸ் 18 பாகையில் இருக்கும் கட்டி. வீங்கிய முரசை அது சுடும், கடித்தால் காயப்படுத்தும். பத்து நிமிடத்தில் வெளித்தோல் இளகலாம், உள்ளே கல்லாகவே இருக்கும். உறைந்து உருகி உறைந்து உருகித் தையல் விட்ட வளையத்திலிருந்து உள்ளிருக்கும் நீரும் கசியும்.

நான் சொல்வது மெல்லிய பருத்தித் துணி. கொதித்தாறிய நீரில் நனைத்துப் பிழிந்து, ஒரு மூலையில் முடிச்சுப் போட்டு, மூடிய பாத்திரத்தில் பிரிட்ஜின் சாதாரண தட்டில் அரை மணி நேரம் வையுங்கள். முடிச்சைப் பிள்ளை கடிக்கட்டும், மறுமுனை உங்கள் கையில் இருக்கட்டும். சூடானதும் அடுத்த துணி. செல்வி சொல்லும் வெக்கைக்கு மூன்று துணிகள் தயாராக இருந்தால் போதும். துணி இல்லாத நேரத்தில் நகம் வெட்டிக் கழுவிய சுட்டுவிரலால் வீங்கிய இடத்தைச் சற்று அழுத்தி ஒன்றிரண்டு நிமிடம் தேயுங்கள். முதலில் சிணுங்கும், பிறகு விரலைத் தானே தேடி வரும்.

பரசிட்டமோல் தவறில்லை, ஆனால் ஒவ்வொரு இரவும் அல்ல. தேக்கரண்டிக் கணக்கிலும் அல்ல. கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 7.6 கிலோவுக்கு அது 76 முதல் 114 மில்லிகிராம். ஐந்து மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள பாணி என்றால் 3 முதல் 4.5 மில்லி வரை. ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம் உள்ள சொட்டு மருந்தை அதே 4.5 மில்லி கொடுத்தால் நான்கு மடங்காகிவிடும். என் மேசைக்கு முன் இந்தக் குழப்பத்துடன் வந்து நின்ற தாய்மாரை நான் பார்த்திருக்கிறேன். சிரிஞ்சில் அளந்து எடுங்கள், குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி விடுங்கள், ஒரு நாளில் நான்கு முறைக்கு மேல் வேண்டாம்.

மட்டக்குளி செல்வி
அளவைப் பற்றிச் சொன்னது எனக்கு வேண்டியதுதான். ஆனால் வளையம் விடயத்தில் என் அனுபவம் வேறு. என் மகள் துணியைத் தொடவே மாட்டாள்.

பொரளை மருந்தாளர்
அப்படியானால் நீர் இல்லாத, கெட்டியான இறப்பர் வளையத்தைப் பிரிட்ஜில் வைத்துக் கொடுத்துப் பாருங்கள்.

வத்தளை அண்ணன்
என் மகனுக்குப் பல் முளைக்கும் காய்ச்சல் என்று மூன்று நாள் வீட்டில் வைத்திருந்தோம். கடைசியில் டெங்கு. பல்லுக்குக் காய்ச்சல் வரும் என்று யாரும் நம்பாதீர்கள்.

பம்பலப்பிட்டி வாசகி
அவர் காய்ச்சலைப் பற்றிக் கேட்கவில்லையே, அண்ணா.

வெள்ளவத்தை அம்மா
எல்லாருக்கும் நன்றி. ஜெல்லை அப்புறப்படுத்திவிட்டேன், மாலை அலுமாரியில். மூன்று இரவுகளாகத் துணிதான். முதல் இரண்டு இரவும் நான்கு மணி நேரம் ஒரேயடியாகத் தூங்கினாள். நேற்றுத் துணியைத் தட்டிவிட்டாள். வலது காதை இழுத்து இழுத்து அழுகிறாள். இப்போது வெப்பமானியை அக்குளில் வைத்துப் பார்த்தால் 38.6 பாகை. மைத்துனர் ஐபுபுரூஃபன் பாணி வாங்கி வருவதாகச் சொல்கிறார்.

பொரளை மருந்தாளர்
வாங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். கொழும்பில், பிள்ளைக்கு டெங்கு இல்லை என்று தெரியும்வரை காய்ச்சலுக்கு பரசிட்டமோல் மட்டும். டெங்குவாக இருந்தால் ஐபுபுரூஃபன் இரத்தக் கசிவைக் கூட்டும். முளைக்கும் பல் உடல் சூட்டைச் சற்றுக் கூட்டலாம், 38.6 வரை கொண்டுபோகாது. காதையும் பார்க்க வேண்டும். காலையிலேயே வைத்தியரிடம் கொண்டுபோங்கள். பால் குடிக்க மறுத்தாலோ, எழுப்பியும் விழிக்காவிட்டாலோ காலைவரை காத்திருக்காதீர்கள்.

வெள்ளவத்தை அம்மா
பால் குடிக்கிறாள். ஆறரைக்குப் புறப்படுகிறோம்.