கிளிநொச்சிச் செய்திக்கு வினைச்சொல் தேடிய இரவு

பழைய மேசை:
2009 ஜனவரி 2. கொழும்பில் ஒரு தமிழ்த் தினசரியில் உதவி ஆசிரியர் வேலை. புலிகள் கையிலிருந்த கிளிநொச்சி இராணுவத்திடம் வீழ்ந்த செய்தி வந்துவிட்டது. சிங்கள அறிக்கையில் 'முதாகத்தா' என்று இருந்தது, நான் யோசிக்காமல் 'விடுவிக்கப்பட்டது' என்று தட்டிவிட்டேன். ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "யாரை, யாரிடமிருந்து தம்பி?" என்றார். என் மாமி குடும்பம் அப்போது வன்னியில்.

'கைப்பற்றினர்' என்று மாற்றினேன். பக்கத்து மேசை அண்ணை, "உனக்கு வீட்டுக்குப் போக ஆசையில்லையா?" என்றார். கடைசியில் 'கிளிநொச்சி நகருக்குள் படையினர் நுழைந்தனர்: ஜனாதிபதி அறிவிப்பு' என்று போனது. செய்தது யார், சொன்னது யார், இரண்டும் இருந்தன. ஆறு நாள் கழித்து 'சண்டே லீடர்' ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க கொல்லப்பட்டார். அண்ணை சொன்னதில் தப்பே இல்லை. ஆனால் சனம் எங்கே போனது என்று அடியில் நான் எழுதிய ஒரு வரி, இடமில்லை என்று வெட்டப்பட்டது. அதுதான் இன்னும் குடைகிறது.

பம்பலப்பிட்டி ரவி:
அருமை அண்ணை. இதுதான் சமாதான ஊடகவியல். கடுஞ்சொல்லே கூடாது. 'பயங்கரவாதி', 'படுகொலை' எல்லாவற்றையும் எடுத்துவிட்டு எல்லோருக்கும் 'உயிரிழந்தனர்' என்று போட்டால் பாதிக் கோபம் அடங்கிவிடும். நான் பயிற்சிப் பட்டறையில் படித்தது.

மட்டக்குளி உம்மா மகன்:
ரவி, கோபம் அடங்கியது உங்களுக்கு. நாங்கள் யாழ்ப்பாண முஸ்லிம்கள். 1990 அக்டோபர் கடைசியில் புலிகள் எங்களுக்குக் கொடுத்தது இரண்டு மணி நேரம். உம்மா தையல் மெஷினைத் தூக்கி வாசலில் வைத்தார். அதையும் விட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். பிறகு கொழும்பில் என் கைக்கு வந்த ஒரு தமிழ்ப் பேப்பரில், 'முஸ்லிம்கள் வெளியேறினர்'. ஏதோ கல்யாணத்துக்குப் போன மாதிரி. எவ்வளவு மென்மையான சொல், பாருங்கள்!

ஊடகம் படிப்பிக்கிறவள்:
ரவி பாதிதான் சரி. சமாதான ஊடகவியலை முன்வைத்த நோர்வே ஆய்வாளர் கல்துங் நான்கு விஷயம் பார்க்கச் சொன்னார்: சண்டையா சமாதானமா, ஒரு பக்கப் பிரசாரமா எல்லாப் பக்க உண்மையா, தலைவர்களா சனமா, வெற்றியா தீர்வா. சொல்லை மழுங்கடி என்று அவர் சொல்லவில்லை. அதைப் பற்றிப் புத்தகம் எழுதிய லிஞ்சும் மெக்கோல்ட்ரிக்கும் 'படுகொலை'யைக் கண்டபடி எறியாதே என்றது அதன் கனம் போய்விடக் கூடாது என்பதற்காக. ஆயுதமில்லாதவர் என்று தெரிந்தே கொன்றிருந்தால் அந்தச் சொல்லே சரி.

தமிழில் 'உயிரிழந்தனர்' இன்னும் ஆபத்து. 'செல் வீச்சில் ஐவர் உயிரிழந்தனர்' என்றால் செல் அடித்தவன் இலக்கணத்திலேயே தப்பிவிடுகிறான். 'கொல்லப்பட்டனர்' என்றாவது எழுதினால் கொன்றது யார் என்ற கேள்வி மிஞ்சும். சரி, 2009இல் செய்தியாளர் வன்னிக்குள் சுயமாகப் போக முடியவில்லை. யார் அடித்தது என்று உறுதியில்லாவிட்டால் 'இன்னார் சொல்கிறார்' என்று எழுதலாம், அதுவும் இரு பக்கமும். இதையும் ஏற்காதவர்கள் உண்டு. பிபிசி நிருபராக இருந்த டேவிட் லோயின் போன்றவர்கள், சமாதானம் செய்வது நிருபர் வேலையல்ல, நடந்ததைச் சொல்வதுதான் வேலை என்கிறார்கள். நான் வகுப்பில் அதையும் சொல்வேன், பிள்ளைகள் குழம்புவார்கள்.

ஓய்வு பெற்ற மொழிபெயர்ப்பாளர்:
என் கதை சின்னது. 'நடவடிக்கையில் அழிக்கப்பட்டனர்' என்ற வரியைத் தமிழாக்கும்போது கை நின்றது. கொசுவையா அழிக்கிறோம்? 'கொல்லப்பட்டனர்' என்று எழுதிக் கொடுத்தேன், யாரும் கவனிக்கவில்லை.

பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன், கேட்காவிட்டாலும். ஒரே நாள் மூன்று பேப்பர் வாங்குங்கள், மூன்று மொழி என்றால் நல்லது. சிவப்புப் பென்சிலால் சாவைக் குறிக்கும் சொற்களை மட்டும் கோடிடுங்கள். யாருக்கு 'பலி', யாருக்கு 'வீரமரணம்' அல்லது 'வீரச்சாவு', யாருக்கு வெறும் எண்ணிக்கை. பிறகு நீலப் பென்சிலால் பெயரும் வயதும் கிடைத்தவர்களை. ஒரே பக்கத்துச் சாவுக்கு மட்டும் நீலம் விழுந்தால் அந்தப் பேப்பர் எங்கே நிற்கிறது என்று தலையங்கம் படிக்காமலே தெரியும். ஒரு நாள் போதாது, இரண்டு கிழமை செய்யுங்கள். வெட்டிய துண்டில் தேதி எழுத மறக்காதீர்கள், நான் மறந்து ஒரு பெட்டி நிறையத் துண்டு வீணாய்ப் போனது. கண்ணாடியும் பரிசோதித்துக்கொள்ளுங்கள், அச்சு சின்னது.

பம்பலப்பிட்டி ரவி:
சரி, கடுஞ்சொல்லே கூடாது என்றதில் பிழைவிட்டேன், மன்னியுங்கள். ஆனால் 'பயங்கரவாதி' வேண்டாம் என்பதில் மாறமாட்டேன்.

மட்டக்குளி உம்மா மகன்:
அதில் சண்டை இல்லை. பழைய மேசை அண்ணை, வெட்டப்பட்ட அந்த வரி என்ன?

பழைய மேசை:
'நகரவாசிகள் ஏற்கெனவே தர்மபுரம், விசுவமடுப் பக்கம் நகர்ந்துவிட்டனர்.'

மட்டக்குளி உம்மா மகன்:
நகர்ந்தார்களா, நகர்த்தப்பட்டார்களா?

பழைய மேசை:
இப்போதுதான் தம்பி எனக்கும் கண்ணில் படுகிறது. மாமி பிறகு சொன்னார், பின்னால் ஆமியின் செல், முன்னால் புலிகள் போகச் சொன்ன பாதை. நான் எழுதிய வரியில் இரண்டுமே இல்லை.