மாவு விற்க குரூப்பில் போட்டதில் வாட்ஸ்அப் முடக்கம், என்ன தவறு?

மாவு_மேடவாக்கம்:
வணக்கம். வீட்டிலேயே கிரைண்டரில் இட்லி மாவு அரைத்து விற்கிறேன், கிலோ 60 ரூபாய். எங்கள் அபார்ட்மெண்ட் குரூப், பக்கத்துத் தெரு, பள்ளி அம்மாக்கள் என்று 9 குரூப்பில் இருக்கிறேன். பத்து நாளாகத் தினமும் காலை ஆறரைக்கு ஒரே செய்தியை நான்கு போட்டோவோடு எல்லாவற்றிலும் ஃபார்வர்ட் செய்தேன். இரண்டு குரூப்பில் என்னை நீக்கிவிட்டார்கள். நேற்று வாட்ஸ்அப்பும் புது ஆட்களுக்குச் செய்தி அனுப்ப முடியாதபடி 24 மணி நேரம் தடுத்துவிட்டது. பொய் எதுவும் சொல்லவில்லை, நல்ல மாவுதான். குரூப்பில் விற்கவே கூடாதா?

கார்த்திக்_வேளச்சேரி:
ஃபார்வர்ட்தான் காரணம். ஒரு தடவைக்கு ஐந்து சாட்டுக்கு மேல் அனுப்ப முடியாது, ஏற்கனவே ஃபார்வர்ட் ஆனது என்றால் குரூப்புக்கு ஒன்று ஒன்றாகத்தான் போகும். காப்பி பேஸ்ட் செய்து போடுங்க, பிரச்சினை தீர்ந்தது.

ஏ_பிளாக்_செயலாளர்:
தம்பி சொல்வது பாதி சரி. அந்த எல்லையை மீற வாட்ஸ்அப்பே விடாது, அதற்காக யாரையும் முடக்குவதில்லை. காப்பி செய்து போட்டால் 'ஃபார்வர்ட்' என்ற குறி மட்டும்தான் போகும், எரிச்சல் போகாது. அம்மா, ஒரு கேள்வி. குரூப்பில் இருந்து எண்களை எடுத்துத் தனியாகவும் அனுப்பினீர்களா?

மாவு_மேடவாக்கம்:
ஆமாம் சார். குரூப்பில் யாரும் பதில் போடவில்லை என்று திங்கட்கிழமை மதியம் ஒரு 60 பேருக்குத் தனித்தனியாக அனுப்பினேன். அது தப்பா?

ஏ_பிளாக்_செயலாளர்:
நான் சந்தேகப்படுவது அதைத்தான். உங்கள் எண்ணைச் சேமிக்காதவர் அந்த சாட்டைத் திறந்தால், செய்திக்குக் கீழேயே பிளாக், ரிப்போர்ட் என்று பட்டன் வந்து நிற்கும். விரல் தானாக அங்கே போகும். ரிப்போர்ட் அடித்தால் நீங்கள் கடைசியாக அனுப்பிய ஐந்து செய்திகள் வாட்ஸ்அப்புக்குப் போய்விடும், உங்களுக்குத் தகவலே வராது. அறுபது பேரில் எத்தனை பேர் அடித்தார்கள் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. என் கணக்கில் குரூப் பதிவை விட இதுதான் காரணம். இரண்டு ஆண்டுகளாக குரூப்பைப் பார்த்துக்கொள்கிறேன், 'என் எண்ணை யார் கொடுத்தது' என்ற சண்டை போல வேறு எதுவும் வந்ததில்லை.

சி_304:
எங்க குரூப்ல காலை வணக்கம் பூப்படம் போடறவங்களை என்ன செய்யறது? அதுக்கு யாரும் எதுவும் சொல்றதில்லை!

ஏ_பிளாக்_செயலாளர்:
அது தனி வழக்கு, சார். மாவுக்கு வருகிறேன். மூன்று விஷயம் மாற்றுங்கள். முதலில் அட்மினிடம் தனியாகக் கேளுங்கள்: 'சனிக்கிழமை மாலை ஒரு தடவை போட்டுக்கொள்ளலாமா?' என்று நாள், நேரத்தோடு. எங்கள் குரூப்பில் விற்பனைக்கு சனிக்கிழமை மட்டும் என்று விதி இருக்கிறது, கேட்டவர்களுக்கு மறுத்ததில்லை. அடுத்து, காலை ஆறரை வேண்டாம். தூங்குகிறவர் தலைமாட்டில் போன் அடிக்கும், மாவுக்கே கெட்ட பெயர். மூன்றாவது, பதிவை ஒரே போட்டோவோடு சுருக்குங்கள்:

'பி பிளாக் 207. நாளை காலை இட்லி மாவு, கிலோ 60. இன்று இரவு 8 மணிக்குள் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள், குரூப்பில் பதில் வேண்டாம்.'

வீட்டு எண்ணைப் பார்த்ததும் அக்கம்பக்கத்து ஆள் என்று தெரிந்துவிடும். கடைசி வரி முக்கியம். 'எனக்கு ஒரு கிலோ' என்று இருபது பேர் குரூப்பில் போட்டால், வேண்டாதவர் போனும் இருபது தடவை அடிக்கும்.

ராதா_பெருங்குடி:
குரூப்பில் ஓட்டெடுப்பு போடலாமே அக்கா? அரை கிலோ, ஒரு கிலோ என்று இரண்டு விருப்பம். ஓட்டுப் போட்டால் குரூப்பில் செய்தி ஏறாது. நான் பூவுக்கு அப்படித்தான் செய்கிறேன். ஆனால் யார் எதற்குப் போட்டார்கள் என்று எல்லோருக்கும் தெரியும், சிலருக்கு அது பிடிக்காது.

கார்த்திக்_வேளச்சேரி:
அப்போ பிராட்காஸ்ட் லிஸ்ட் போட்டுடலாமே, குரூப்பே வேண்டாம். 256 பேர் வரை போகும்.

ஏ_பிளாக்_செயலாளர்:
உங்கள் எண்ணைச் சேமித்தவருக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும், தம்பி. அதனால் முதலில் வாங்குகிறவரிடமே 'எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள், மாவு அரைக்கும் நாளில் சொல்கிறேன்' என்று கேட்கலாம். சரி என்றவர்களை மட்டும் லிஸ்ட்டில் சேருங்கள்.

மாவு_மேடவாக்கம்:
நன்றி சார். முடக்கம் தானாக எடுபட்டது. ஒன்பது அட்மினுக்கும் கேட்டு எழுதினேன், நால்வர் சரி என்றார்கள், ஒருவர் அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டச் சொன்னார். சனிக்கிழமை ஆறு மணிக்குப் போட்டதில் 11 கிலோ ஆர்டர். நீக்கிய இரண்டு குரூப்பிலிருந்தும் பதில் இல்லை. மன்னிப்புக் கேட்டு இன்னொரு தடவை எழுதலாமா, இல்லை அதையும் தொல்லை என்று நினைப்பார்களா?

ராதா_பெருங்குடி:
எழுதாதீங்க அக்கா. லிஃப்டில் பார்த்தால் நேரில் சொல்லுங்க.

ஏ_பிளாக்_செயலாளர்:
நான் எழுதச் சொல்வேன், ஒரே வரியில்.