உதவி: மைக்ரோஸ்டெப் 32 வைத்தும் F1000-ல் X அச்சு நழுவுகிறது

பாபநாசம்_தச்சு
அவசரம். சிஎன்சி மெஷின்ல தேக்குக் கதவுப் பலகை செதுக்குறேன், நடுவுல மோட்டார் உறுமுது, X தள்ளிப் போயிடுது. மைக்ரோஸ்டெப் 8-ல இருந்து 32 ஆக்கினேன், `$100`-ம் மாத்தியாச்சு. அப்படியேதான் இருக்கு. மைக்ரோஸ்டெப் கூட்டினா அதிர்வு போயிடும்னாங்களே? வெள்ளிக்கிழமை கதவு போகணும்.

மன்னை_மெக்
என்ன மோட்டார்? எத்தனை வோல்ட்? ஸ்குரூவா பெல்ட்டா? எல்லா வேகத்துலயுமா?

வயர்மேன்_திருவாரூர்
லோ வோல்டேஜ்தான் சார். குறுவைக்கு பம்பு செட் எல்லாம் ஓடுற நேரம், 230 எங்க வருது? ஸ்டெபிலைசர் போடுங்க.

மன்னை_மெக்
அண்ணே, எஸ்எம்பிஎஸ் 180-லயும் 24 கொடுத்துடும்.

வயர்மேன்_திருவாரூர்
நல்ல எஸ்எம்பிஎஸ் கொடுக்கும். எங்க தெருவுல சாயங்காலம் 160. வந்து பாருங்க.

பழைய_உறுப்பினர்
மேலே தேடல் பெட்டி எதற்கு இருக்கிறது? வாரம் ஒருவர் இதையே கேட்கிறார். 32 வைத்தால் டார்க் 5 சதவீதம்தான் மிஞ்சும். 4-க்கு இறங்குங்கள், அடிப்படையைப் படியுங்கள்.

பிரிண்டர்_பையன்
எனக்கும் இதே! 3டி பிரிண்டர்ல லேயர் நழுவுச்சு, டிரைவருக்கு ஃபேன் வெச்சேன், சரியாச்சு.

பாபநாசம்_தச்சு
நீமா 23, டிபி6600, 24 வோல்ட், 3.5 ஆம்பியர், 5 மிமீ பிட்ச் பால் ஸ்குரூ, ஊனோ போர்டு. F1000-ல X நேரா போறப்ப மட்டும்தான். சாய்கோட்டுல வரலை. F1500-ல சத்தமே இல்லை, அதான் புரியலை.

லேத்_அக்கா
எத்தனை மிமீ தள்ளுது? டயல் வெச்சுப் பாத்துச் சொல்லுங்க தம்பி.

பாபநாசம்_தச்சு
ஒரு தடவை 0.2. அடுத்து 0.3.

லேத்_அக்கா
அப்ப சிக்னல்ல கோளாறு இல்லை. ரோட்டார் பிடி விட்டுச்சுன்னா நாலு முழு ஸ்டெப் தள்ளித்தான் திரும்பப் பிடிக்கும். 7.2 டிகிரி, உங்க ஸ்குரூல சரியா 0.1 மிமீ. பல்ஸ் தொலைஞ்சா இப்படி 0.1, 0.1-ஆ வராது, 0.07, 0.13-னு எது வேணா வரும். கப்ளிங் லூஸ்னாலும் அப்படித்தான்.

காந்தப் பிடியில ரோட்டார் ஸ்பிரிங்ல கட்டின மாதிரி ஆடும். உங்க மோட்டாரும் ஸ்குரூவும் சேர்ந்தா அந்த ஆட்டம் ஏறத்தாழ நொடிக்கு 160 தடவை. F1000-னா நிமிஷத்துக்கு 1000 மிமீ, உங்க 5 மிமீ ஸ்குரூல 200 ஆர்பிஎம். ஒரு சுத்துக்கு காயில் கரண்ட் 50 தடவை முழுசா ஏறி இறங்கும், ஆக நொடிக்கு 167. மலிவு டிரைவர்ல கரண்ட் பூஜ்யம் கொஞ்சம் விலகி இருக்கும், அது ஏறி இறங்குற ஒவ்வொரு தடவையும் ஒரு இழு இழுக்கும். ஊஞ்சலைச் சரியான நேரத்துல தள்ளினாப்ல ஆட்டம் வளர்ந்து பிடி விட்டுடுது. சாய்கோட்டுல X-க்கு 700 சொச்சம்தான் வரும், அதனால தப்பிக்குது.

இந்தக் கணக்குல மைக்ரோஸ்டெப் எங்கயுமே வரலை பாருங்க. அது ஸ்டெப்போட முரட்டுத்தனத்தைத்தான் தேய்க்கும். ரெண்டு காயிலும் சமமா இல்லாட்டி F500-ல உறுமும், காந்தப் பல்லோட இழுவை F250-ல. ரெண்டையும் வெட்டாம ஓட்டிக் கேளுங்க.

32-ஐ 8-க்கே கொண்டாந்துடுங்க. F3000 ரேப்பிட்ல 32 வெச்சா நொடிக்கு 64,000 பல்ஸ் வேணும். ஊனோ 30,000 பக்கத்துலயே மூச்சு வாங்கும்.

பழைய_உறுப்பினர்
நான் சொன்னதும் அதுதானே, குறைக்கச் சொன்னேன்.

லேத்_அக்கா
காரணம் வேற சார். 5 சதவீதம் ஒரு மைக்ரோஸ்டெப் நகர்ந்தா கிடைக்கிற டார்க். பாரம் அதிகமானா ரோட்டார் இன்னும் பின்தங்கும், முழு டார்க்கும் வரும்.

பழைய_உறுப்பினர்
டேட்டாஷீட் வேறு மாதிரி சொல்கிறது.

மன்னை_மெக்
எந்த டேட்டாஷீட்னு லிங்க் போடுங்களேன்.

லேத்_அக்கா
தம்பி, ஒரு சோதனை. கரண்ட்டை 2.5 ஆக்கி, காத்துலயே ஓட்டுங்க. பிடி தளர்ந்தா ஆட்டமும் மெதுவாகும், உறுமல் F850 பக்கம் இறங்கணும். இறங்கலைன்னா என் கணக்கு தப்பு. வெட்டுறப்ப 3.5-க்குத் திரும்பிடுங்க, F1400 வைங்க. வேகம் கூடுறதால ஆழத்தைக் குறைங்க. நிரந்தரத் தீர்வுன்னா மோட்டார் பின் ஷாஃப்ட்ல டேம்பர், இல்லாட்டி நல்ல டிரைவர்.

வயர்மேன்_திருவாரூர்
எதுக்கும் ஸ்டெபிலைசரும் போட்டுக்கோங்க.

பாபநாசம்_தச்சு
இறங்கிடுச்சுக்கா, 860 பக்கம். F500-லயும் லேசா உறுமுது. 250-ல ஒண்ணும் தெரியலை. F1400-ல வெட்டிட்டிருக்கேன்.

பிரிண்டர்_பையன்
அக்கா, என் ரவுட்டர்ல 600 ஆர்பிஎம் தாண்டினா நழுவுது. இதே கணக்கா?

லேத்_அக்கா
அது வேற. அந்த வேகத்துல மோட்டார் தானே எழுப்புற வோல்டேஜும் காயில் இண்டக்டன்ஸும் சேர்ந்து, ஆட்டத்தை அடக்குறதுக்குப் பதிலா வளர்த்து விடும். எத்தனை வோல்ட் கொடுக்குறீங்க? பாரம் இல்லாமயும் நழுவுதா?