முதல் வருடத்தில் சொதப்பிய ஆட்டோமேஷன் வேலைகள்: உங்கள் அனுபவம் என்ன?

வெள்ளவத்தை மூன்றாம் மாடி

முதல் வருடம் ஐந்து செய்தேன், ஐந்தும் போச்சு. பால்கனிச் செடிக்கு மண்ணில் குத்திய ஈர சென்சரின் முள் துருப்பிடித்தது. படிக்கட்டு விளக்கு பூனை போனாலும் எரிந்தது. கேட் மணியும் மீன்தொட்டி விளக்கும் சொல்லுமளவுக்கு இல்லை. மறக்க முடியாதது தண்ணீர்த் தாங்கிதான்.

நோட்எம்சியு போர்டு, ஒரு ரிலே, மூடிக்குக் கீழே அல்ட்ராசோனிக் சென்சர். மட்டம் இறங்கினால் மோட்டார் ஓடும், நிறைந்தால் நிற்கும். நன்றாகத்தான் ஓடியது. ஒருநாள் இரவு இரண்டு மணிக்குக் கீழ்வீட்டு மாமா கதவைத் தட்டி "வத்துர, வத்துர!" என்கிறார். மொட்டை மாடியிலிருந்து தண்ணீர் சுவர் வழியாக அவருடைய ஜன்னலுக்குள் இறங்குகிறது. ஓடிப்போய்ப் பார்த்தால் ரிலேயின் சிவப்பு லைட் எரிகிறது, மோட்டார் ஓடுகிறது. போர்டின் சார்ஜரைப் பிடுங்கினேன், நின்றது. காலையில் எல்லாம் சரியாக வேலை செய்தது! அதுதான் இன்னும் உறுத்துகிறது.

தெஹிவளை ரவி

ரிலே ஒட்டிக்கொண்டது தம்பி, வேறொன்றுமில்லை. அந்த நீலப் பெட்டியில் 10 ஆம்பியர் என்று போட்டிருப்பது ஹீட்டர் மாதிரி லோடுக்கு. மோட்டார் கிளம்பும்போது ஓடும் கரண்டைப் போலப் பல மடங்கு இழுக்கும், உள்ளே தீப்பொறி பறந்து முனைகள் உருகிப் பிடித்துக்கொள்ளும். எனக்கும் ஒருமுறை நடந்தது. மோட்டார் கரண்டைத் தாங்கும் கொன்டாக்டர் ஒன்று போடு, ரிலே அதன் கொயிலை மட்டும் இழுக்கட்டும். அதோடு மோட்டாருக்கு எர்த் இருக்கிறதா, ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று பார். டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்து. ஈரமான இடத்தில் பிளக் பேஸ் வைக்காதே. வயரிங் தெரியாவிட்டால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடு, வெட்கப்படாதே.

பழைய சோல்டர்

ரவி அண்ணா, கொன்டாக்டர் விஷயம் முழுக்கச் சரி. ஆனால் இங்கே ரிலே ஒட்டவில்லை. ஒட்டியிருந்தால் சார்ஜரைப் பிடுங்கிய பிறகும் மோட்டார் ஓடியிருக்கும். சிவப்பு லைட் எரிந்தது என்றால் போர்டுதான் "ஓடு" என்று பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

தம்பி, அன்று இரவு கரண்ட் போய் வந்ததா, இல்லை ரவுட்டர் மட்டும் அணைந்ததா? உங்கள் loop உள்ளே இப்படி இருக்கும் என்று நினைக்கிறேன்:

```
while (WiFi.status() != WL_CONNECTED) {
  delay(500);
}
```

மோட்டார் ஓடும்போது வைஃபை அறுந்தால் நிரல் இந்த இடத்திலேயே நின்றுவிடும். மட்டத்தைப் பார்க்க ஆள் இல்லை, ரிலே கடைசியாக இருந்த நிலையிலேயே இருக்கும். அந்த delay இல்லாதிருந்தால் வாட்ச்டாக் சில நொடிகளில் போர்டை ரீசெட் செய்திருக்கும். delay ஓடும்போதெல்லாம் வாட்ச்டாக் சமாதானமாகிவிடுவதால் விடிய விடியக் காத்திருக்கும். தண்ணீர் ஓட இன்டர்நெட் தேவையில்லை. வைஃபை இருந்தால் தகவல் அனுப்பட்டும், இல்லாவிட்டால் மட்டம் பார்க்கும் வேலை தொடரட்டும்.

இன்னொன்றும் வேண்டும். 1000 லீட்டர் தாங்கி உங்கள் மோட்டாரில் 25 நிமிடத்தில் நிறைகிறது என்று வைத்துக்கொள்வோம். 35 நிமிடம் தாண்டினால் சென்சர் என்ன சொன்னாலும் நிறுத்திவிடுங்கள்:

```
if (pumpOn && millis() - startedAt > 35UL * 60UL * 1000UL) stopPump();
```

இதுவும் நிரல்தான், நிரல் தொங்கினால் இதுவும் தொங்கும். ஆகவே தாங்கியின் மேல்மட்டத்தில் ஒரு மிதவை சுவிட்ச் வைத்து, கொன்டாக்டர் கொயிலுக்குப் போகும் வயரை அதன் வழியாக விடுங்கள். நிறைந்தால் போர்டு என்ன நினைத்தாலும் மோட்டார் நிற்கும்.

மீனா_கொட்டாஞ்சேனை

எங்கள் வீட்டில் சம்ப்பில் தண்ணீர் வராத நாளில் மோட்டார் சும்மா சுற்றி சீல் எரிந்துபோனது. 35 நிமிடக் கணக்கெல்லாம் அதற்கு ஆகாது. சம்ப்பிலும் ஒரு மிதவை வேண்டும். ரொம்பப் பேர் மேல்தாங்கியைத்தான் பார்க்கிறார்கள்.

தெஹிவளை ரவி

சரி, ஒட்டவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அந்த ரிலேயோடு இன்னும் ஆறு மாதம் ஓட்டினால் ஒட்டும், அப்போது வந்து சொல்லுங்கள்.

வெள்ளவத்தை மூன்றாம் மாடி

அதே while லூப்தான் அண்ணா! கரண்ட் போகவில்லை, அன்று இரவு ரவுட்டர்தான் தொங்கியிருந்தது. கொன்டாக்டருக்கு நாளைக்குப் புறக்கோட்டை போகிறேன். ஒரு கேள்வி மட்டும்: விடியற்காலையில் சென்சர் சில நேரம் தாங்கி நிறைந்ததாகக் காட்டுகிறது, ஆனால் பாதிதான் இருக்கிறது. மூடியில் நீர்த்துளி படிவதாலா?

பழைய சோல்டர்

இருக்கலாம். சென்சர் முகத்தில் துளி உட்கார்ந்தால் எதிரொலி குழம்பும். தண்ணீர் புகாத வகையை மாற்றிப் பாருங்கள், ஆனால் அது ஏறத்தாழ 20 சென்டிமீட்டருக்குள் உள்ளதைச் சரியாகப் பார்க்காது. மூடிக்கும் நிறைமட்டத்துக்கும் இடையே அவ்வளவு இடம் இருக்கிறதா?