ஏஜென்சியிடம் சூப்பர்வைசர் கேட்டோம், பொருந்தாத ரெஸ்யூமே வருகிறது. எதை மாற்றி எழுதிக் கொடுக்க வேண்டும்?

மன்னை_ரைஸ்மில்

வணக்கம். மன்னார்குடிக்கு 9 கிலோமீட்டர் தள்ளி எங்கள் மில். புழுங்கல் அரிசி, மணிக்கு 4 டன். இரண்டு ஷிஃப்ட். ராத்திரி ஷிஃப்டுக்கு ஒரு சூப்பர்வைசர் வேண்டும். சம்பா நெல் வரத் தொடங்குவதற்குள் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும். திருச்சியில் இருக்கும் ஏஜென்சிக்கு நாங்கள் கொடுத்தது இது:

"புரொடக்‌ஷன் சூப்பர்வைசர். டிப்ளமோ அல்லது பி.இ. மெக்கானிக்கல். 5 வருஷ அனுபவம். பாய்லர், டிரையர், கலர் சார்ட்டர், பராமரிப்பு, எக்செல், ஆள் நிர்வாகம் தெரிய வேண்டும். இடம் தஞ்சாவூர் பக்கம். வருஷத்துக்கு 3.6 லட்சம் வரை. உடனடித் தேவை."

14 ரெஸ்யூம் வந்தது. 9 பேர் வாகன உதிரிபாகக் கம்பெனிக்காரர்கள், நெல்லையே தொட்டதில்லை. மில் அனுபவம் உள்ள 5 பேரில் மூன்று பேர் போனிலேயே வேண்டாம் என்றார்கள். ஒருவர் நேரில் வந்தார், எங்களுக்குத்தான் பிடிக்கவில்லை. இன்னொருவர் ஆஃபர் வாங்கிக்கொண்டு சேரவில்லை. ஏஜென்சியை மாற்றுவதா, எழுதியதை மாற்றுவதா? இன்றைக்குத் தேதி நவம்பர் 12.

குடந்தை_குமார்

ஏஜென்சியை மாத்துங்க. இல்ல, மூணு பேருக்கு ஒரே நேரத்துல கொடுங்க, போட்டி இருந்தாத்தான் ஓடுவாங்க. சம்பளத்தை எழுதவே எழுதாதீங்க. 3.6 வரைன்னு சொன்னா எல்லாரும் 3.6தான் கேப்பாங்க.

ஆள்தேர்வு_தஞ்சை

குமார் சொல்றதுல பாதி சரி. உச்ச வரம்பை மட்டும் சொன்னா எல்லாரும் அங்கேயே நிப்பாங்க. ஆனா சம்பளமே சொல்லாம விட்டா 40 ஆயிரம் வாங்குறவரும் வருவார், 15 ஆயிரம் வாங்குறவரும் வருவார், ரெண்டு பக்கமும் நேரம் வீண். "இந்த அனுபவத்துக்கு இது, கூடுதலா இது தெரிஞ்சா இது"ன்னு ரெண்டு படி கொடுக்கணும்.

மில் சார், ஏஜென்சியை மாத்தறதுக்கு முன்னாடி ஆட்கள் எந்த இடத்துல கழண்டாங்கன்னு பாருங்க. எழுத்துல எங்க ஓட்டைன்னு அதுவே சொல்லும். ரெஸ்யூமே தப்பா வந்தா திறமைப் பகுதி சரியில்ல. ரெஸ்யூம் சரியா இருந்து போன்ல வேண்டாம்னா பெரும்பாலும் இடம் அல்லது ஷிஃப்ட். ஆஃபர் வாங்கிட்டு வரலைன்னா கையில் வர்ற தொகை அல்லது சேர வேண்டிய தேதி. உங்களுக்கு மூணு இடத்துலயும் கழண்டிருக்கு.

முதல்ல அந்த 9 பேர். நீங்க ஆறு விஷயத்தை ஒரே வரியில சமமா எழுதியிருக்கீங்க. ஏஜென்சியில தேடுறவருக்கு நெல் அவியல் தெரியாது. "மெக்கானிக்கல், சூப்பர்வைசர், பராமரிப்பு"ன்னு தேடியிருப்பார், உதிரிபாகக் கம்பெனி ஆள்தான் வரும். பிரீஃப்ல "அவியல்", "புழுங்கல்", "ரைஸ்மில்" எதுவுமே இல்லையே.

இல்லாம முடியாதது எது, வந்த பிறகு கத்துக்கலாம்கிறது எது? அதை முதல்ல நீங்க பிரிங்க.

பாய்லர்_வேலு

பாய்லர் சர்டிஃபிகேட் கட்டாயம்னு போட்டே ஆகணும் சார். சர்டிஃபிகேட் இல்லாம பாய்லர் ஓட்டக் கூடாது, சட்டம்.

ஆள்தேர்வு_தஞ்சை

சட்டம் சரிதான் வேலு அண்ணே. ஆனா அது பாய்லர் பக்கத்துல நிக்கிற அட்டெண்டருக்கு. மில்லுல ரெண்டு ஷிஃப்டுக்கும் சர்டிஃபிகேட் வச்ச அட்டெண்டர் இருந்தா சூப்பர்வைசருக்கும் கேட்க வேண்டியதில்ல. கேட்டா, நல்லா அரிசி ஓட்டத் தெரிஞ்ச பாதிப் பேரை வாசல்லயே திருப்பி அனுப்பின மாதிரி ஆயிடும்.

மன்னை_ரைஸ்மில்

அட்டெண்டர் இரண்டு பேர் இருக்கிறார்கள், இருவரிடமும் சர்டிஃபிகேட் உண்டு. யோசித்தால் கட்டாயம் என்பது இரண்டுதான்: நெல் அவியலும் டிரையரில் காய்ச்சலும், அப்புறம் ராத்திரியில் 12 ஆளை வைத்து ஓட்டுவது. கலர் சார்ட்டர் கற்றுக்கொள்ளலாம். எக்செல் இல்லாவிட்டால் நோட்டில் எழுதட்டும்.

நீடாமங்கலம்_மில்மேன்

அதான் சரி. சார்ட்டர் ஓட்ட ஒரு வாரத்துல பழகிடுவாங்க, கம்பெனி ஆளே வந்து செட் பண்ணித் தருவார். டிரையர் அப்படி இல்ல. அவிச்ச நெல்லு 30 சதவீத ஈரத்துக்கு மேல இருக்கும். அதை ஒரே மூச்சுல 14க்கு இறக்கினா உள்ள விரிசல் விடும், ஷெல்லர்ல போட்டதும் குருணையா கொட்டும். 16லிருந்து 18க்குள்ள நிறுத்தி, சில மணி நேரம் ஆறப் போட்டு, ரெண்டாம் காய்ச்சல் கொடுக்கணும். ராத்திரி ஷிஃப்ட் ஆளு சீக்கிரம் முடிக்கணும்னு இந்த ஆறல் நேரத்தைத்தான் வெட்டுவாங்க. காலையில குருணை கூடியிருக்கும், மெஷின் மேல பழி விழும்.

ஏஜென்சிக்கு ஒரே ஒரு கேள்வி எழுதிக் கொடுங்க: "குருணை திடீர்னு கூடினா முதல்ல எதைப் பார்ப்பீங்க?" நெல்லோட ஈரம், காய்ச்சல் எப்படிப் போச்சுன்னு ஆரம்பிக்கிறவர் ஓட்டினவர். ரப்பர் ரோல் தேய்மானம், இடைவெளி, பாலிஷர் அழுத்தம்னு அடுத்து போனா இன்னும் நல்லது. "மெக்கானிக்கைக் கூப்பிடுவேன்"னு மட்டும் சொன்னா விடுங்க.

ஆள்தேர்வு_தஞ்சை

மில்மேன் சொன்ன கேள்வியை எதிர்பார்க்கிற பதிலோட சேர்த்துக் கொடுங்க. போன் பண்றவருக்குப் பதில் புரியணும்னு இல்ல, "ஈரம்", "காய்ச்சல்"னு வார்த்தை வருதான்னு கேட்டாலே போதும். பதிலை ஆள் சொன்னபடியே ரெஸ்யூமோட எழுதி அனுப்பச் சொல்லுங்க. டிப்ளமோவையும் "இருந்தால் நல்லது"க்குத் தள்ளுங்க. பத்தாவது படிச்சு எட்டு வருஷம் மில்லுல இருந்தவரை உங்க பழைய வரி வெளியேயே நிறுத்திடும்.

அடுத்தது இடம். "தஞ்சாவூர் பக்கம்"னா கேக்கிறவர் தஞ்சாவூர் டவுன்ல வீடு எடுத்துக்கலாம்னு நினைப்பார். போன்ல மன்னார்குடி தாண்டின்னு தெரிஞ்சதும் வேண்டாம்பார். அந்த மூணு பேர் என்ன காரணம் சொன்னாங்க?

மன்னை_ரைஸ்மில்

இரண்டு பேர் தூரம் என்றார்கள். ஒருவர் ராத்திரி ஷிஃப்ட் என்று முன்பே சொல்லவில்லை என்றார். மில்லுக்குள் ரூம் இருக்கிறது, அதை நாங்கள் எழுதவே இல்லை.

ஆள்தேர்வு_தஞ்சை

அதுதான். ஊர்ப் பெயர், மன்னார்குடியிலிருந்து தூரம், ஷிஃப்ட் நேரம், அந்த நேரத்துக்கு பஸ் இருக்கா இல்லையா, ரூம் தனி ஆளுக்கா குடும்பத்துக்கா, சாப்பாடு உண்டா எல்லாம் எழுதுங்க. தேட வேண்டிய ஊர்களையும் நீங்களே சொல்லுங்க: மன்னார்குடி, நீடாமங்கலம், திருவாரூர், பட்டுக்கோட்டை. திருச்சியில உக்காந்திருக்கிறவர் திருச்சி ஆளைத்தான் முதல்ல கூப்பிடுவார்.

காங்கேயம்_ராஜா

காங்கேயம் பக்கம் ரைஸ்மில் நிறைய, பழகின ஆளு அங்கதான் கிடைக்கும். உள்ளூர்லயே தேடினா பக்கத்து மில் ஆளை இழுக்கிறதாத்தான் ஆகும், பகை வரும்.

நீடாமங்கலம்_மில்மேன்

கிடைக்கும் ராஜா, தங்க மாட்டாங்க. குடும்பம் அங்க, ஆளு இங்கன்னா அறுவடை முடிஞ்சதும் கிளம்பிடுவார்.

காங்கேயம்_ராஜா

குடும்பத்துக்கு வீடு கொடுத்தா தங்குவாங்க. ரூம் கொடுத்தா தங்க மாட்டாங்க. அவ்வளவுதான்.

ஜவுளி_மாலா

எனக்கும் இதே பிரச்சனைங்க. கடைக்கு சேல்ஸ் கேர்ள்ஸ் 6 பேர் வேணும், ஏஜென்சி ஒரு ஆளுக்கு ஒரு மாசச் சம்பளம் கேக்குது. கொடுக்கலாமா?

ஆள்தேர்வு_தஞ்சை

மாலா மேடம், உங்க வேலைக்கு இந்த வகை ஏஜென்சியே வேண்டாம். வாசல்ல போர்டு, ஏற்கெனவே வேலை பார்க்கிறவங்க மூலமா சொல்லி விடறது, இதுவே போதும். ஒரு மாசச் சம்பளக் கட்டணம் கிடைக்கக் கஷ்டமான ஆளுக்குத்தான் கட்டும்.

மில் சார், சம்பளத்துக்கு வருவோம். ஆஃபர் வாங்கிட்டு வராதவர் 3.6 லட்சத்தை 12ஆல வகுத்து 30 ஆயிரம் கையில வரும்னு எண்ணியிருப்பார். நீங்க எப்படிப் பிரிச்சிருக்கீங்க?

மன்னை_ரைஸ்மில்

மாதம் மொத்தச் சம்பளம் 28,000. அதில் பேசிக் 15,000. பி.எஃப். எங்கள் பங்கு 1,800, அவர் பங்கு 1,800.

ஆள்தேர்வு_தஞ்சை

அப்ப அவர் கைக்கு 26,200. உங்களுக்குச் செலவு 29,800, வருஷத்துக்கு 3,57,600. அவர் எண்ணினதுக்கும் வர்றதுக்கும் மாசம் 3,800 இடைவெளி. மொத்தச் சம்பளம் 21,000க்கு மேல போறதால இ.எஸ்.ஐ. கிடையாது. இப்ப இருக்கிற வேலையில அவருக்கு இ.எஸ்.ஐ. இருந்தா அது போறதையும் அவர் கணக்குப் பார்ப்பார். அதனால பிரீஃப்ல முதல் வரியே "கையில் 26,200"ன்னு இருக்கட்டும். பி.எஃப்., ரூம், தீபாவளி போனஸ் எல்லாம் அதுக்குக் கீழ தனித்தனியா. வருஷக் கணக்கை ஏஜென்சி கட்டணத்துக்கு மட்டும் வச்சுக்குங்க.

கட்டணம் 8.33 சதவீதம்னா 3,57,600க்கு 29,788. மேல 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தா 35,150 ஆகும். எதுக்கு மேல சதவீதம்னு எழுத்துல வாங்குங்க. ரூம் வாடகைக்கும் போனஸுக்கும் சேர்த்து பில் போட்டா இன்னும் கூடும். ஆள் சேர்ந்து 30 நாள் கழிச்சு பணம், 90 நாளுக்குள்ள போனா கட்டணமில்லாம மாற்று ஆள்னு கேளுங்க. பல ஏஜென்சி ஒத்துக்கும். பணத்தைத் திருப்பித் தர்றதுக்குப் பெரும்பாலும் ஒத்துக்க மாட்டாங்க.

குடந்தை_குமார்

சரி, ரெண்டு ஏஜென்சியாவது கொடுக்கலாம்ல? ஒண்ணையே நம்பினா?

ஆள்தேர்வு_தஞ்சை

கொடுக்கலாம். ஒரே ஆளை ரெண்டு பேரும் அனுப்பினா யாருக்குக் கட்டணம்னு முதல்லயே முடிவு பண்ணணும். யார் மின்னஞ்சல் முதல்ல வந்ததோ அவருக்குன்னு எழுதி வைங்க. இவ்வளவு சின்ன வட்டாரத்துல ஒரே ஆளை ரெண்டு பேர் கூப்பிட்டா, மில் ஏதோ அவசரத்துல இருக்குன்னு அந்த ஆள் சம்பளத்தை ஏத்துவார். நான் முதல் ரெண்டு வாரம் ஒண்ணுக்கு மட்டும் கொடுப்பேன். வேற மாதிரி நினைக்கிறவங்களும் உண்டு.

நீடாமங்கலம்_மில்மேன்

தேதியை யாரும் சொல்லலையே. "உடனடி"ன்னு எழுதினா சும்மா இருக்கிறவர்தான் வருவார். வேலையில இருக்கிறவர் ஒரு மாசம் நோட்டீஸ் கொடுக்கணும். மார்கழியில புது வேலைக்குப் போக பலர் யோசிப்பாங்க, வீட்டுல பெரியவங்களும் விட மாட்டாங்க. தை பிறக்கட்டும்பாங்க. அவரோட இப்போதைய மில்லும் பொங்கலுக்கு முன்னாடி விடாது.

ஆள்தேர்வு_தஞ்சை

ஆமா, அதை எதிர்க்காம அதை வச்சே கணக்குப் போடணும். சேர்ற தேதி ஜனவரி 19. பொங்கல் முடிஞ்சிருக்கும், நெல் வரத்து ஏறுறதுக்குள்ள பழைய ஆளோட ஒரு வாரம் கூட நிக்கலாம். அங்கேயிருந்து பின்னால வாங்க. ஆஃபர் டிசம்பர் 8, அவர் டிசம்பர் 10 ராஜினாமா கொடுத்தா நோட்டீஸ் ஜனவரி 9ல முடியும். மில் இழுத்தடிச்சாலும் பத்து நாள் கையிருப்பு இருக்கு. நேர்ல பார்க்கிறது டிசம்பர் 3, 4. ரெஸ்யூம் நவம்பர் 24க்குள்ள, நாலு பேர் போதும்னு சொல்லுங்க, எண்ணிக்கை கேட்டா எண்ணிக்கைதான் வரும். 45 அல்லது 60 நாள் நோட்டீஸ் உள்ளவரை முதல் போன்லயே கேட்டு ஒதுக்கச் சொல்லுங்க.

உங்க பக்கமும் ஒரு தேதி உண்டு: ரெஸ்யூம் வந்த 2 நாளுக்குள்ள ஆமா இல்லன்னு பதில். ஒரு வாரம் கிடப்புல போட்டா நல்ல ஆள் வேற இடத்துல சேர்ந்திருப்பார்.

மன்னை_ரைஸ்மில்

திருத்தியது இது. பாருங்கள்:

"ராத்திரி ஷிஃப்ட் சூப்பர்வைசர், புழுங்கல் அரிசி மில். மன்னார்குடியிலிருந்து 9 கி.மீ. இரவு 8 முதல் காலை 8. அந்த நேரத்துக்கு பஸ் இல்லை, பைக் வேண்டும், அல்லது மில்லில் தனி ஆளுக்கு ரூம். கட்டாயம்: புழுங்கல் மில்லில் அவியல், டிரையர் 3 வருஷம், 10 பேருக்கு மேல் வைத்து வேலை வாங்கியிருக்க வேண்டும். இருந்தால் நல்லது: கலர் சார்ட்டர், டிப்ளமோ. கையில் 26,200, சார்ட்டரும் தெரிந்தால் 28,000. சேர வேண்டியது ஜனவரி 19. நோட்டீஸ் 30 நாளுக்கு மேல் வேண்டாம். குருணைக் கேள்விக்கு ஆள் சொன்ன பதில் ரெஸ்யூமோடு வர வேண்டும்."

ஆள்தேர்வு_தஞ்சை

ஒண்ணு இடிக்குது. 8லிருந்து 8ன்னா 12 மணி நேரம். எட்டு மணி நேரத்துக்கு மேல போற நேரத்தை எப்படிக் கணக்குப் பண்றீங்கன்னு நல்ல ஆள் முதல் போன்லயே கேப்பார். இந்தச் சம்பளம் எத்தனை மணி நேரத்துக்குன்னு எழுதாம அனுப்பாதீங்க.

மன்னை_ரைஸ்மில்

அதை முதலாளியிடம் கேட்டுவிட்டு வருகிறேன். அனுப்புவது நாளை மறுநாள்தான்.