‘இடம்’ என்று ஒரு சொல் எழுதி மாட்டிக்கொண்ட கதை: மார்க்கெட்டிங் வகுப்பும் என் மைண்ட் மேப்பும்

மையிட்டபேனா

மார்க்கெட்டிங் மிக்ஸ் பற்றி ஒன்றரை மணி நேர வகுப்பு. வீட்டுக்கு வந்து குறிப்பை மைண்ட் மேப்பாக மாற்றினேன். தாளைக் குறுக்காகப் போட்டு, நடுவில் வட்டம், நாலு பக்கமும் நாலு கிளை: பொருள் நீலம், விலை சிவப்பு, இடம் பச்சை, விளம்பரம் ஆரஞ்சு. ஒரு முனைக்கு ஒரே சொல் என்று பிடிவாதமாக இருந்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

இரண்டு வாரம் கழித்துத் தேர்வுக்காக எடுத்துப் பார்த்தால், பச்சைக் கிளையில் ‘இடம்’, அதன் கீழே ‘மூன்று’. எந்த மூன்று? கடை எந்தத் தெருவில் இருக்க வேண்டும் என்று ஏதோ சொன்னார்களோ என்று யோசித்து, கடை அமைவிடம் பற்றி ஒரு பக்கம் எழுதிப் பழகினேன். தேர்வில் வந்த கேள்வியோ விநியோகத்தைப் பற்றி. பழைய குறிப்பைப் புரட்டிய பிறகுதான் தெரிந்தது, அந்த மூன்று எவை என்று: எல்லாக் கடையிலும் வைப்பது, தேர்ந்தெடுத்த சில கடைகளில் மட்டும் வைப்பது, ஒரு வட்டாரத்துக்கு ஒரே விற்பனையாளரிடம் கொடுப்பது.

உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா? குறைந்த சொல் என்றால் எவ்வளவு குறைவு?

காகிதக்கப்பல்

ஒரு சொல்தான் விதி. 1970களில் மைண்ட் மேப்பைப் பரப்பிய டோனி புஜான் வலியுறுத்தியதும் ஒரு கோட்டுக்கு ஒரு சொல்தான். இரண்டாவது சொல்லை எழுத ஆரம்பித்தால் அது வாக்கியமாகிவிடும், அப்புறம் சாதாரண நோட்டுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? நான் மூன்று வருடமாக அப்படித்தான் போடுகிறேன், பிரச்சினை வந்ததே இல்லை.

பழையபலகை

விதி அவருடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் நான் இந்தப் பாடத்தைப் பல வருடம் நடத்தியவள், மாணவர்களின் வரைபடங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மையிட்டபேனா சறுக்கியது எண்ணிக்கையில் இல்லை, தேர்ந்தெடுத்த சொல்லில். Product, Price, Place, Promotion என்ற 4P-இல் Place என்பதை ‘இடம்’ என்று மொழிபெயர்த்த கணமே கடையின் முகவரி மனதில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. ‘விநியோகம்’ என்று எழுதியிருந்தால் அந்தப் பக்கம் போயிருக்கவே மாட்டீர்கள். ஆரஞ்சுக் கிளையிலும் இதே கோளாறு இருக்கிறது, கவனித்தீர்களா? Promotion-ஐ ‘விளம்பரம்’ என்று போட்டிருக்கிறீர்கள். தள்ளுபடிச் சலுகை, விற்பனையாளர் நேரில் பேசுவது, மக்கள் தொடர்பு எல்லாம் அதில் அடங்கும். விளம்பரம் அதில் ஒரு கொப்புதான். நான் ‘தெரியப்படுத்தல்’ என்று எழுதச் சொல்வேன். அழகான சொல் இல்லை, ஆனால் எதையும் வெளியே தள்ளாது.

எண்களை முனையில் எழுதுவது அடுத்த பொறி. ‘மூன்று’ என்பது எண்ணிக்கையை நினைவூட்டும், விஷயத்தை நினைவூட்டாது. அதற்குப் பதில் மூன்று கொப்பு விட்டு ‘எல்லாக் கடை’, ‘சில கடை’, ‘ஒரே கடை’ என்று எழுதுங்கள். இரண்டு சொல்தான். காகிதக்கப்பல் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, ‘எல்லாம்’, ‘சில’, ‘ஒன்று’ என்று மட்டும் எழுதினால் ஒரு மாதத்தில் மறந்துபோகும்.

வகுப்புக்கடைசி

இப்போது 4P எல்லாம் பழசு இல்லையா? 7P வந்து எத்தனையோ வருடம் ஆகிறது. ஏழு கிளை போடுங்கள்.

பழையபலகை

4P 1960-இல் மெக்கார்த்தி வகுத்தது, சேவைத் துறைக்காக பூம்ஸும் பிட்னரும் 1981-இல் மூன்றைச் சேர்த்தார்கள். மையிட்டபேனாவின் வகுப்பில் நாலுதான் சொல்லியிருக்கிறார்கள் போல. கேட்ட வகுப்பைத்தானே வரைய முடியும்!

மங்கல்நிறம்

நிறம் பற்றி என் அனுபவத்தையும் சொல்கிறேன். எனக்குச் சிவப்பும் பச்சையும் சரியாகப் பிரிந்து தெரியாது. நண்பன் வரைந்து கொடுத்த வரைபடத்தில் விலையும் விநியோகமும் எனக்கு ஒரே பழுப்புக் கிளை. இரண்டையும் சேர்த்துப் படித்து ‘ஒரே கடை’ என்பது விலை உத்தி என்று நினைத்திருந்தேன். இப்போது நிறத்தோடு கோட்டையும் மாற்றுகிறேன்: ஒன்று தடித்த கோடு, ஒன்று இரட்டைக் கோடு, ஒன்று அலை. நீலமும் ஆரஞ்சும் எனக்கு நன்றாகப் பிரியும்.

இன்னொன்று. சிலர் மட்டத்துக்கு ஒரு நிறம் கொடுக்கிறார்கள், முதல் மட்டம் சிவப்பு, இரண்டாவது நீலம் என்று. அது எனக்குச் சுத்தமாகப் புரிவதில்லை. ஒரு கிளைக்கு அடியிலிருந்து நுனிவரை ஒரே நிறம் இருந்தால்தான் நுனியில் இருக்கும் சொல் யாருடைய பிள்ளை என்று தெரியும்.

காகிதக்கப்பல்

நான் மட்டத்துக்கு ஒரு நிறம் போடுகிறவன். 😅 வரைபடம் சின்னதாக இருக்கும்வரை சமாளிக்கலாம். பெரிதானால் நீங்கள் சொல்வது சரிதான்.

மையிட்டபேனா

பழையபலகை அக்கா, விலைக் கிளையை எப்படிப் போடுவீர்கள்? என்னுடையதில் ‘ஸ்கிம்மிங்’, ‘பெனட்ரேஷன்’ என்று இரண்டு சொல், அவ்வளவுதான். எது எப்போது என்று சொல்லத் தெரியவில்லை.

பழையபலகை

பெயரை மட்டும் எழுதினால் அப்படித்தான் ஆகும். பெயருக்கு அடியில் ‘என்ன செய்கிறோம்’ ஒரு முனை, அதற்கு அடியில் ‘எப்போது பலிக்கும்’ ஒரு முனை. ஸ்கிம்மிங்குக்கு ‘முதலில் உச்சம்’. அதன் கீழ் ‘போட்டி தாமதம்’. புதுப் பொருளை அதிக விலைக்கு விட்டு, பிறகு படிப்படியாக இறக்குவது, போட்டியாளர் உடனே நுழைய முடியாத இடத்தில்தான் நிற்கும். பெனட்ரேஷனுக்கு ‘முதலில் மலிவு’. அதன் கீழ் ‘அளவு↑ செலவு↓’. நிறைய விற்க விற்க ஒன்றைத் தயாரிக்கும் செலவு இறங்கினால்தான் அந்த மலிவு தாங்கும். அம்புக்குறியும் சொல்தான், அதுவும் மலிவான சொல்.

போட்டு முடித்ததும் ஒரு சோதனை செய்வேன். ஏதாவது ஒரு நுனியில் விரலை வைத்து, அதை வைத்து இரண்டு வாக்கியம் வாய்விட்டுச் சொல்வேன். வரவில்லையென்றால் சொல்லை மாற்றுவேன். அன்றே செய்யக் கூடாது, வகுப்பு காதில் ஒலித்துக்கொண்டிருக்கும்போது எந்தச் சொல்லும் வேலை செய்யும். மூன்று நாள் போகட்டும்.

வகுப்புக்கடைசி

நான் வகுப்பு நடக்கும்போதே வரைவேன். பிறகு என்றால் உட்கார மாட்டேன்.

பழையபலகை

எனக்கு அது ஒத்துவராது. விரிவுரை அடுக்குப்படி வராது. விலை பேசும்போதே ஒரு உதாரணத்துக்காக விநியோகத்துக்குத் தாவுவார்கள். அப்போதே வரைந்தால் அந்த உதாரணம் தனிக் கிளையாக முளைத்துவிடும். நான் முதலில் வரிவரியாக எழுதி, அன்று மாலைக்குள் வரைவேன்.

வகுப்புக்கடைசி

என்னுடையதில் அப்படி முளைத்தது உண்டு. வளைத்து ஒரு அம்பு போட்டுச் சரியான கிளைக்குக் கொண்டுபோய்விடுவேன். தாள் அசிங்கமாக இருக்கும், ஆனால் அந்த அசிங்கமே எனக்கு வகுப்பை ஞாபகப்படுத்துகிறது.

மையிட்டபேனா

நேற்று மறுபடி வரைந்தேன். கிளை விட்டுக் கிளை இழுக்க ஒரு சாம்பல் நிறப் புள்ளிக்கோடு சேர்த்தேன். ‘ஒரே கடை’யிலிருந்து ‘முதலில் உச்சம்’ வரை ஒன்று இழுத்தபோதுதான், உயர்ந்த விலைப் பொருளை எல்லாக் கடையிலும் வைத்தால் ஏன் மதிப்புக் குறைகிறது என்று வகுப்பில் அரை மணி நேரம் பேசினார்களே, அது விளங்கியது. மரம் போன்ற வரைபடத்தில் அந்த உறவுக்கு இடமே இல்லாமல் இருந்திருக்கிறது.

இப்போது ஒரு சிக்கல். நிறுவனத்தின் சொந்த இணையதளத்தை எங்கே தொங்கவிடுவது? அதில் விற்கவும் செய்கிறார்கள், செய்தியும் சொல்கிறார்கள். பச்சையா, ஆரஞ்சா?

மங்கல்நிறம்

இரண்டிலும் எழுதுங்கள்.

காகிதக்கப்பல்

ஒரு விஷயம் இரண்டு கிளையில் வரக் கூடாது!

பழையபலகை

பச்சையில் ‘நேரடி விற்பனை’ என்று போடுங்கள், ஆரஞ்சுக்கு ஒரு புள்ளிக்கோடு இழுங்கள். அந்தக் கோட்டின் மேல் என்ன எழுதுவது என்று நானும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.